தலை போன டிஸ்க்

வரவேற்பறை பிரிண்டரை யார் கண்டுபிடித்தாரோ, அவர் என் எதிரில் வந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பேன். அன்றைக்கு அந்தப் பிரிண்டர் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது.

காலை ஒன்பதரை மணி. எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை; அதன் ஒலிப்பதிவு அறையில் நின்றுகொண்டிருந்தேன். புது மென்பொருளைப் போட்டுக் கொடுக்க விற்பனை நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெட்டி, முகத்தில் எல்லாம் தெரிந்த களை. அந்தக் கணினியில் அதுவரை லினக்ஸ்தான் ஓடியது. புது மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டுமாம். அதற்கென்று தனியாகச் சின்ன டிஸ்க் ஒன்றை மாட்டி, அதில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். லினக்ஸ் இருந்த டிஸ்க்கைத் தவிர, உள்ளே இன்னொரு டிஸ்க்கும் இருந்தது. நான்கு டெராபைட். நோயாளிகளின் குரல்கள் எல்லாம் அதில்தான்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "பிரிண்டர் மறுபடியும் பேப்பரை முழுங்கிடுச்சு. ரெண்டே நிமிஷம், வந்து பாரும்மா."

டேட்டா டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வேறொருவர் கணினியில் கை வைக்கும்போது முதலில் செய்யவேண்டியது அதுதான். எனக்குத் தெரியும். தெரிந்தும், ரெண்டே நிமிஷம்தானே என்று போனேன். பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எடுத்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

திரும்பி வந்தபோது அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "எல்லாம் ரெடி மேடம். அந்தப் பெரிய டிஸ்க் மட்டும் தெரியவே இல்ல. போய்ப் பார்த்தா, இனிஷியலைஸ் பண்ணணுமான்னு கேட்டுச்சு. ஓகே கொடுத்துட்டேன். இப்ப காலியா, அழகா தெரியுது."

பாய்ந்து போய்த் திரையைப் பார்த்தேன்.

"காலியா? அது என்கிரிப்ட் பண்ண டிஸ்க் சார்! உள்ள நோயாளிங்க ரெக்கார்டிங் இருக்கு!"

"அப்படி எதுவும் போடலையே மேடம். பார்ட்டிஷனே இல்ல. புது டிஸ்க்குன்னுதான் காட்டுச்சு." அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அந்த டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்காமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அப்படியே லக்ஸ் என்ற லினக்ஸ் பூட்டைப் போட்டுப் பூட்டியிருந்தது. லினக்ஸுக்கு அது புரியும். விண்டோஸுக்கு அது வெறும் குப்பை.

பூட்டியது என் அண்ணன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் முடியாது.

கணினியை லினக்ஸில் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்கக்கூட இல்லை. இது லக்ஸ் டிஸ்க்கே இல்லை என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டது.

நிறையப் பேர் நினைப்பதுபோலப் பாஸ்வேர்டு டிஸ்க்கை நேரடியாகப் பூட்டுவதில்லை. டிஸ்க்கைப் பூட்டுவது கணினி தானே உருவாக்கிய வேறொரு சாவி. யாருக்கும் தெரியாத, யாராலும் மனப்பாடம் பண்ண முடியாத சாவி. அதை ஒரு பெட்டியில் போட்டு, டிஸ்க்கின் தலைமாட்டில் முதல் இரண்டு மெகாபைட்டுக்குள் வைத்திருக்கும். அதற்குப் பெயர் ஹெட்டர். நம் பாஸ்வேர்டு திறப்பது அந்தப் பெட்டியை மட்டும்தான். அந்த மனிதர் ஓகே கொடுத்ததும் விண்டோஸ் தன் அட்டவணையைக் கொண்டுபோய் அந்தத் தலைமாட்டில் எழுதிவிட்டது. எழுதியது என்னவோ பதினேழு கிலோபைட்தான். ஒரு சின்னப் புகைப்படம் அளவுகூட இல்லை. ஆனால் பெட்டி சிதைந்துவிட்டது. அதில் ஒரு துணுக்குப் போனாலும் மொத்தமும் போனதுதான். திருடன் கையில் பாதி கிடைத்தால்கூட உதவக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். புது வடிவமாக இருந்தாலாவது ஹெட்டருக்கு இரண்டாவது பிரதி பக்கத்திலேயே இருக்கும், கொஞ்சம் தடவிப் பார்க்கலாம். இது பழைய வடிவம். பின்னால் நான்கு டெராபைட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. என் பாஸ்வேர்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"பேக்கப் இருக்குமில்ல?" என்றார் மென்பொருள்காரர்.

பேக்கப் டிஸ்க் இரண்டு மாதத்துக்கு முன் டிக் டிக் என்று சத்தம் போட்டுச் செத்துப்போனது. அன்றைக்கே புதிது கேட்டு ஃபாரம் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வேறெங்கும் பிரதி எடுக்கவும் கூடாது. நோயாளிகளின் குரல் இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாதென்பது விதி. மேலாளருக்குப் பிடித்த விதி. அதற்கு மட்டும் உடனே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அப்போது பயிற்சியாளர் அக்கா உள்ளே வந்தாள். அந்த அறை அவளுடையது. அதில்தான் எட்டு வருஷமாக நோயாளிகளைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏலக்காரர் வந்துட்டார். வீட்டம்மாவும் வந்திருக்காங்க. பதினொண்ணுக்குத்தானே சொன்னோம், பத்துக்கே வந்து உக்காந்துட்டாங்க. பாவம், ஆசை" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்ன?"

ஏலக்காரர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விட்டவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நரம்பு நோய். முதலில் நாக்கில்தான் ஆரம்பித்தது. பேச்சு முழுசாகப் போவதற்கு முன்னால் குரலைச் சேமித்து வைத்துக்கொண்டால், பின்னால் அவர் விரலால் தட்டுவதை அவர் குரலிலேயே கணினி பேசும். அதற்காக வாரத்துக்கு மூன்று நாள் வந்து, ஆயிரத்து அறுநூறு வாக்கியம் படித்துக் கொடுத்தார். குழற ஆரம்பித்த நாட்களில்கூட விடவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துப் படித்தார். கொடுத்த வாக்கியங்கள் சப்பென்று இருக்கின்றன என்று சண்டை போட்டு, தன் சொந்த வாக்கியங்கள் நாற்பதைச் சேர்த்துக்கொண்டார். அதில் முதலாவது "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" அதைச் சொல்லும்போது அறைக் கண்ணாடி அதிரும்.

அந்தக் குரலைக் கட்டமைக்கிற மென்பொருளை வாங்க எங்கள் மையத்துக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதத்தில் அவர் குரல் சுத்தமாகப் போய்விட்டது. இப்போது அவரிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். மறுபடி பதிவு செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தின் தலையைத்தான் வெட்டி வைத்திருந்தோம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, "நான் என்ன சொல்லி அனுப்பறது அவங்கள?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்டேட் ஓடுதுன்னு சொல்லுங்க. கொஞ்சம் டைம் கொடுங்க."

எனக்கு ஒரே ஒரு துரும்பு மிச்சமிருந்தது. அண்ணன் வேலையை விட்டுப் போகும்போது எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பில், "ஹெட்டர் பிரதி: மேலாளர் அலமாரி, வெள்ளை பென்டிரைவ்" என்று ஒரு வரி இருந்தது. மேலாளர் அறைக்கு ஓடினேன்.

"வெள்ளை பென்டிரைவா? இதோ இருக்கே" என்று மேசை டிராயரிலிருந்தே எடுத்தார். "ஆண்டு விழா போட்டோ எல்லாம் இதுலதான் போட்டு வெச்சிருக்கேன்."

"சார், இத ஃபார்மேட் கீர்மேட் பண்ணினீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உள்ள ஏதோ ஒரு சின்ன ஃபைல் இருந்துச்சு. திறக்கவே இல்ல. வைரஸா இருக்கும், அழிச்சிடலாம்னு பார்த்தேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

அந்த மனிதருடைய மறதிக்கு நான் முதல்முறையாக நன்றி சொன்னேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு விழாப் படங்களுக்கு நடுவே, இரண்டு மெகாபைட்டில் அந்த ஃபைல் இருந்தது. தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தையது. அதைப் பார்த்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தேதிதான் காரணம்.

இங்கேதான் அண்ணன் வருகிறான்.

இந்த மையத்தில் முதலில் வேலை பார்த்தது அவன். என்னைக் கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். டிஸ்க்கின் பாஸ்வேர்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தினம் காலையில் அவன் வந்து அடித்தால்தான் அறை திறக்கும். ஒருநாள் கூட்டத்தில் நான் எழுந்து, "ஒரே ஆள்கிட்ட சாவி இருக்கறது சரியில்ல" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் முன்கூட்டியே அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவன் முகம் செத்துப்போனது. ஒரு மாதத்தில் வேலையை விட்டான். போகிற நாளில் என் பாஸ்வேர்டைச் சேர்ப்பதற்காக, முதுகால் கீபோர்டை மறைத்துக்கொண்டு தன்னுடையதை ஒருதடவை அடித்துக் கொடுத்தான். அவன் வாசலைத் தாண்டியதும் நான் அவனுடைய பாஸ்வேர்டை ஹெட்டரிலிருந்து அழித்தேன். வீட்டில் போய், "என்னைத் திருடன்னு சொல்லிட்டா" என்றிருக்கிறான். மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. அம்மா வீட்டுக்கு ஒரு ஞாயிறு நான், மறு ஞாயிறு அவன்.

பாஸ்வேர்டை மாற்றினால் ஹெட்டரைப் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். எடுக்கலாம், எடுக்கலாம் என்று மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். அதனால் கையில் இருந்த ஹெட்டர் அவன் காலத்து ஹெட்டர். உள்ளே இருக்கும் சாவி அதேதான், அது மாறவே இல்லை. ஆனால் இந்தப் பழைய பெட்டிக்கு என் பாஸ்வேர்டைத் தெரியாது. அவனுடையதை மட்டும்தான் தெரியும். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன் என்று மூன்று வருஷம் நான் நினைத்துக்கொண்டிருக்க, இந்தப் பென்டிரைவ் இருந்தவரை அவன் உள்ளேயேதான் இருந்திருக்கிறான். ஒருநாளும் உபயோகிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"அம்மா நல்லா இருக்காங்க. எனக்கு உன் பழைய பாஸ்வேர்டு வேணும்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கற?" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். பிரிண்டர், மென்பொருள்காரர், ஏலக்காரர் எல்லாவற்றையும். அவன் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "டிஸ்க்ல நீ ஏதாவது எழுதினியா?" இல்லை என்றேன். "தொடாதே. இருபது நிமிஷத்துல வர்றேன். போன்ல எல்லாம் பாஸ்வேர்டு சொல்ல முடியாது" என்று வைத்தான். பேச்சு முறிந்த தங்கையிடம்கூட ஒழுங்காகப் பாதுகாப்பு விதி பேசுகிறான். அவன் அப்படித்தான்.

வந்தான். கொஞ்சம் தலைமுடி கொட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தான்.

"பென்டிரைவ்லேருந்து ஹெட்டரை டிஸ்க்குக்கு மாத்தப் போறியா?"

"பின்ன?"

"எதுக்கு? ஹெட்டரைத் தனி ஃபைலா வெளிய வெச்சே திறந்து பார்க்கலாம். திறக்குதான்னு தெரியாம டிஸ்க்ல கை வைப்பாங்களா? நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் காத்தோட போச்சா?"

"நீ சொல்லிக் கொடுத்தது எங்க? செஞ்சு காட்டுவ. கேட்டா எரிஞ்சு விழுவ."

"கேட்டியா நீ? கூட்டத்துல வெச்சுல்ல கேட்ட!"

சுவர் மெல்லிசு. அடுத்த அறையில் காத்திருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும் என்று அக்கா சைகை காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தேன். அவன் உட்கார்ந்து கட்டளையை எழுதினான். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தான். இரண்டு விநாடி யோசித்துவிட்டு, அந்தப் பாஸ்வேர்டுக்குச் சாவி இல்லை என்றது.

மெதுவாக அடித்தான். இல்லை. மூன்றாவது முறை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. இல்லை. மூன்று முறை தவறினால் அது தானாகவே வெளியே தள்ளிவிடும். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

"மறந்துட்டியா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் தினமும் அடிச்சது. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"சொல்லேன்."

"அறையில ஆள் இருக்காங்க."

"அண்ணா! அந்தப் பாஸ்வேர்டு செத்து மூணு வருஷம் ஆச்சு! இங்க யாரு திருடப் போறாங்க? சொல்லித் தொலை!"

சொல்ல மாட்டேன் என்று அவனும், சொல்லு என்று நானும். கேப்ஸ் லாக் பார்த்தோம். எழுத்து அமைப்பை மாற்றிப் பார்த்தோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளியோடு, இடைவெளி இல்லாமல். பதினோரு சுற்று. முப்பத்து மூன்று முறை அதே பதில். பென்டிரைவில் ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்றான் அவன். ஃபைல் நன்றாக இருக்கிறது, ஹெட்டர் விவரங்களைச் சரியாகக் காட்டுகிறது, உன் மண்டைதான் கெட்டுப்போயிருக்கிறது என்றேன் நான். நான் ஏதோ ஹெட்டரை மாற்றி வைத்து நாடகம் ஆடுவதாகச் சொன்னான். எனக்கு அழுகை முட்டியது. ஆத்திரத்தில் வருகிற அழுகை; அது வரும்போது இன்னும் ஆத்திரமாக வரும்.

மணி பன்னிரண்டரை. கதவைத் தட்டி ஏலக்காரரின் மனைவி தலையை நீட்டினாள். கையில் தண்ணீர் பாட்டில். "தப்பா நினைக்காதீங்கம்மா. இன்னிக்கு முடியாதுன்னா இன்னொரு நாள் வர்றோம். அவர்தான் கேக்கச் சொன்னார்."

"முடிஞ்சிடும்மா. இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிக்கொண்டு நான் பொய் சொன்னதில்லை. அவள் பின்னால், திறந்த கதவு வழியாகச் சக்கர நாற்காலியில் அவர் தெரிந்தார். சலவைச் சட்டை. தலை படிய வாரியிருந்தது. மடியில் டேப்லெட். தன் குரலைப் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கதவு மூடியதும் அண்ணன் கையை மடியில் போட்டுக்கொண்டான். பிறகு அக்காவையும் என்னையும் பார்க்காமல், கீபோர்டிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "ஒரு வாக்கியம். எல்லாம் சின்ன எழுத்து. 'எங்க வீட்டுக் கதவு எண் நாற்பத்தெட்டு, தட்டாம வராதே'ன்னு ஆங்கில எழுத்துல. நாற்பத்தெட்டு மட்டும் எண்ணுல."

நாற்பத்தெட்டு நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் எண். என் அறைக் கதவில் நான் சின்ன வயதில் எழுதி ஒட்டிய அறிவிப்பு அது, அவனுக்காகவே எழுதியது. அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நான் இல்லை. நானே கீபோர்டை இழுத்து அந்த வாக்கியத்தை அடித்தேன். இல்லை என்றது.

"அந்த எட்டு எப்படி அடிச்சீங்க?" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் திரும்பினோம். அவள் அதுவரை மூலையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கணினி விஷயம் என்பதால் அவளிடம் நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை.

"எப்படின்னா? விரலாலதான்" என்றான் அண்ணன்.

"இல்ல, மேல் வரிசையிலயா, வலது பக்கத்துலயா? பழைய கீபோர்டுல மேல் வரிசை எட்டு விழாது. நான் எப்பவும் வலது பக்கத்துல இருக்கற எட்டைத்தான் அடிப்பேன். போன வருஷம் டீ கொட்டி அந்தக் கீபோர்டு போச்சே, அதுவரைக்கும் அப்படித்தான்."

"எப்பலேருந்து விழாது?" என்றேன்.

"வாங்கின நாள்லேருந்தே. ஃபாரம்கூட எழுதிக் கொடுத்தேன்."

"யார்கிட்ட?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "உங்க அண்ணன்கிட்டதான்."

அண்ணனின் மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் காதில் கேட்டது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது; என்ன விழுந்தது, என்ன விழவில்லை என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கைப் பூட்டிய அன்று இரண்டு தடவை அடித்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கும். இரண்டு தடவையும் எட்டு விழவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்ததால் அது சரி என்று வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு தினம் காலையில் அவன் நாற்பத்தெட்டு என்று நம்பி அடித்தான். டிஸ்க் நாலு என்று வாங்கிக்கொண்டு திறந்தது. அவன் போன நாளில் முதுகால் மறைத்துக்கொண்டு அடித்ததும் அதே கீபோர்டில்தான். அந்த வாக்கியத்தைச் சரியாக அடிக்கிற கீபோர்டு வந்ததுதான் இன்றைக்குத் தப்பாகப் போய்விட்டது.

"எட்டு இல்லாம அடி" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"நீயே அடி" என்றேன்.

"நான் அடிச்சு அடிச்சுப் பார்த்தாச்சு. நீ அடி."

அடித்தேன். இரண்டு விநாடி. மூன்று விநாடி. எந்தச் செய்தியும் வராமல் திரை அடுத்த வரிக்குப் போனது. லக்ஸ் அப்படித்தான், தப்பென்றால் திட்டும், சரியென்றால் வாயே திறக்காது. எங்கள் குடும்பத்து ஆண்கள் மாதிரி.

"படிக்க மட்டும் திற. எழுதற மாதிரி மவுன்ட் பண்ணிடாதே" என்று பின்னாலிருந்து அவன் சொன்னான்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வயரைப் பிடுங்காமப் போனியாக்கும்."

"நீ அந்த ஃபாரத்தைப் படிச்சிருந்தா மத்தியானச் சாப்பாடே முடிஞ்சிருக்கும்."

ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. விண்டோஸ் டிஸ்க்கின் கடைசியிலும் கொஞ்சம் எழுதி வைத்திருந்தது. நல்லவேளை, அந்தக் கோடியில் எந்த ஃபைலும் இல்லை. மேலாளரைக் கூப்பிட்டு, புது டிஸ்க் வந்து இதையெல்லாம் பிரதி எடுத்து முடிக்கும்வரை இந்தக் கணினியை யாரும் அணைக்கக் கூடாது என்றேன். இரண்டு மாதமாகக் கிடந்த ஃபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் தானே கடைக்குக் கிளம்பினார். மென்பொருள்காரர் எப்போது நழுவினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா கதவைத் திறந்து ஏலக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் மனைவி அப்போது அங்கே இல்லை. காலியான பாட்டிலில் தண்ணீர் பிடிக்க நடைவழிக் கோடிக்குப் போயிருந்தாள். அவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் டேப்லெட்டில் மெதுவாகத் தட்டி, திருப்பிக் காட்டினார்: "ரெண்டு பேருக்கும் நல்ல தொண்டை. சந்தைக்கு வாங்க."

அண்ணன் அசடு வழிந்தான். நானும்தான்.

"ஒண்ணு போட்டுப் பார்க்கலாமா? ஃபைல் கெட்டுப்போகலையான்னு பார்க்கணும்" என்றாள் அக்கா. அவர் தலையசைத்தார். அவருடைய சொந்த வாக்கியங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து, கண்ணில் பட்ட ஒன்றைத் தட்டினேன். ஒலிபெருக்கி, காலையில் மென்பொருள்காரர் சோதித்துப் பார்த்த அளவிலேயே, முழுச் சத்தத்தில் இருந்தது.

"எங்க போயிட்ட? என் கண்ணாடியக் காணோம்!"

அறைக் கண்ணாடி அதிர்ந்தது. அதே குரல். சந்தை முழுக்கக் கேட்கிற குரல். ஏலக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

நடைவழிக் கோடியிலிருந்து, தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலாகப் பதில் வந்தது.

"டேபிள் மேலதான் இருக்கும், நல்லாப் பாருங்க! இதோ வந்துட்டேன்!"

குழாய் நின்றது. செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு அடியாக வந்தது. வாசலில் வந்து அவள் நின்றாள். மூடாத பாட்டிலிலிருந்து தண்ணீர் அவள் புடவையில் வழிந்துகொண்டிருந்தது. அவரையே பார்த்தாள். கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது.